பட்டாசல், அடுக்களை, படிக்கும் மூலை: எங்கே எத்தனை லூமன், எத்தனை கெல்வின்?

பல்பு வாங்கும்போது வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். வாட் என்பது அது இழுக்கும் மின்சக்தி. வெளிச்சத்தின் அளவு லூமன். அட்டைப்பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும். நல்ல எல்இடி வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். பக்கத்திலேயே இருக்கும் கெல்வின், ஒளியின் நிறம். 3000 மஞ்சள், 4000 இதமான வெள்ளை, 6500 நீலம் தட்டும் வெள்ளை.

பாளையங்கோட்டைப் பக்கத்து வீடு ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவோம். பட்டாசல் 12 அடிக்கு 14 அடி, அதாவது 168 சதுர அடி. சதுர அடிக்கு 20 லூமன் என்றால் 3,360. நான்கடி, 20 வாட் டியூப் இரண்டு போட்டால் 4,000 கிடைக்கும். சிவப்புச் சிமெண்ட் தரையும் மர மச்சும் ஒளியைக் குடித்துவிடும் என்பதால், பழைய வீட்டுக்கு அந்த மிச்சம் வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் வையுங்கள். உட்கார்ந்து பேசும் இடம் என்பதால் 3000 போதும். டியூபை ஃபேன் இறக்கைக்கு மேலே மாட்டினால் நிழல் சுழன்று கண்ணைப் படுத்தும். இறக்கை மட்டத்துக்குக் கீழே, சுவரில் மாட்டுங்கள்.

அடுக்களையில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. எட்டுக்குப் பத்தடி அறைக்கு 2,000 லூமன் டியூப் ஒன்று தாராளம், ஆனாலும் வெங்காயம் நறுக்கும் இடம் இருட்டாகவே இருக்கும். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பதால் நம் நிழலே அரிவாள்மனை மேல் விழுகிறது. பெரிய டியூபாக மாற்றினாலும் நிழல் போகாது. மேடைக்கு மேல் உள்ள அலமாரியின் அடியில், இரண்டடி, 10 வாட் பேட்டன் ஒன்றை முன்விளிம்பை ஒட்டி மாட்டுங்கள். சுவரை ஒட்டி மாட்டினால் ஓடுதான் பளபளக்கும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம்; சூடும் எண்ணெய்ப் புகையும், விளக்குக்குள் கரண்டைச் சீராக்கித் தரும் டிரைவரைக் கெடுத்துவிடும். இரண்டு விளக்கும் 4000 ஆக இருக்கட்டும். பெட்டியில் சிஆர்ஐ 90 என்று இருப்பதைத் தேடுங்கள்; நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு அது. மீன் செவுளின் சிவப்பு தெளிவாகத் தெரிய கெல்வினைவிட சிஆர்ஐதான் முக்கியம்.

படிக்கும் மூலை பட்டாசலிலேயே இருந்தால், மேஜை விளக்கு ஒன்று தனியாக வேண்டும். 5 வாட், 4000 கெல்வின், மேஜையிலிருந்து ஒன்றரை அடி உயரம். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் கைநிழல் எழுத்தின் மேல் விழும். பட்டாசல் டியூபில் ஒன்றாவது எரியட்டும். சுற்றிலும் இருட்டாக இருந்தால் கண் சீக்கிரம் அசந்துவிடும். 6500 வெளிச்சம் அதிகம்போலத் தோன்றும், லூமன் அதேதான். ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் அந்த நீலம் தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

வாங்குமுன் கடையிலேயே எரியவிட்டு, போன் கேமராவை ஸ்லோ மோஷனில் காட்டிப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினாலோ துடித்தாலோ டிரைவர் சரியில்லை. அதைப் படிக்கும் மேஜைக்கு எடுக்காதீர்கள்.