புதிய பாடத்திட்டத்துக்குத் தயங்கும் ஆசிரியர்கள்: ஒரே ஒரு பாடத்தில் தொடங்குவது எப்படி?

பாடத்திட்டம் மாறும்போது பல பள்ளிகளில் நடப்பது இதுதான்: ஒரு சர்க்குலர், ஒரு நாள் பயிற்சி, அடுத்த வாரத்திலிருந்து எல்லா வகுப்பிலும் அமல். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பாடக்குறிப்பு புதிதாக இருக்கும், மாணவர் நோட்டு பழையபடியே இருக்கும். நானும் முதல் முறை இப்படித்தான் செய்தேன். இப்போது பின்பற்றும் வழியை, ஆறாம் வகுப்பு கணிதத்தில் பின்னங்கள் பாடத்தை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். புதிய திட்டம் கேட்பது, மாணவர் விடையோடு காரணத்தையும் சொல்ல வேண்டும் என்பது.

படி 1: ஒரே கேள்வி கேளுங்கள்

கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டால் இரண்டு பேர்தான் பேசுவார்கள். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு தாள் கொடுங்கள். "புதிய பாடத்திட்டத்தை நினைக்கும்போது உங்களுக்கு என்ன கவலை?" என்பது மட்டும் அதில் இருக்கட்டும். பெயர் எழுதச் சொல்ல வேண்டாம்.

1970-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜீன் ஹாலும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய அணுகுமுறையின் எளிய வடிவம் இது. கவலைகள் பெரும்பாலும் ஒரு வரிசையில் வரும் என்பது அவர்கள் கண்டது: முதலில் விவரம் தெரியாத கவலை, அப்புறம் "என்னால் முடியுமா" என்பது, பிறகு நேரமும் வேலையும், கடைசியில்தான் மாணவருக்கு என்ன பயன் என்பது.

படி 2: தாள்களைப் பிரியுங்கள்

"எந்தப் பாடம் நீக்கப்பட்டது?" என்று எழுதியவருக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும். அதில் மாறாதவற்றையும் எழுதுங்கள். "மாணவர் கேட்கும் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாவிட்டால்?" என்பது வேறு கவலை, அதைத் தனியாக உட்கார்ந்து, பாடத்தைச் சேர்ந்து போட்டுப் பார்த்தால்தான் தீர்க்க முடியும். "போர்ஷன் முடியாது" என்பவருக்குத் தேவை கால அட்டவணை. அவரிடம் மாணவர் நலனைப் பற்றிப் பேசினால் அவர் கேட்டதற்கு அது பதிலாகாது.

படி 3: பாடவேளைக் கணக்கை முடியுங்கள்

பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. பின்னங்களுக்கு முன்பு 10 பாடவேளை போதும், இப்போது 14 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கை "எப்படியாவது சமாளியுங்கள்" என்று ஆசிரியர் தலையில் கட்டக்கூடாது. தொடக்கத்தில் சென்ற ஆண்டுப் பாடத்தை நினைவூட்டும் இரண்டு வகுப்புகளைப் புதிய பாடத்தின் முதல் செயல்பாட்டிலேயே சேர்க்கலாம். தனியாக நடத்தும் ஒரு அலகுத் தேர்வுக்குப் பதில் நோட்டையே மதிப்பிடலாம். பத்தில் ஒன்று என்ற பின்னம் இங்கேயே வந்துவிடுவதால், அடுத்து வரும் தசமப் பாடத்தில் ஒரு வகுப்பு குறையும். நான்கும் கிடைத்துவிட்டது. இந்தக் கணக்கைத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு கொடுங்கள். அலகுத் தேர்வைக் கைவிட்டது தன் பொறுப்பாகிவிடுமோ என்ற பயம் ஆசிரியருக்கு அப்போதுதான் போகும்.

படி 4: இரண்டு பேர், ஒரு பாடம்

ஆர்வமுள்ளவர் ஒருவர், தயங்குபவர்களில் மற்றவர்கள் மதிக்கும் ஒருவர். ஆர்வமுள்ளவர்களை மட்டும் வைத்துச் செய்தால், "அவர் எதையும் செய்வார்" என்று ஸ்டாஃப் ரூமில் ஒதுக்கிவிடுவார்கள். இரண்டாமவரிடம் நேரில் போய்க் கேளுங்கள்: "சார், இதில் எது நடக்காது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

படி 5: வாரம் 20 நிமிடம், மூன்று நோட்டுகள்

இருவரும் ஆளுக்கு மூன்று மாணவர் நோட்டுகளோடு உட்காரட்டும். ஒரு நோட்டில் 2/3 + 1/4 = 3/7 என்று இருக்கிறது. பழைய முறையில் சிவப்பு மையில் ஒரு தப்புக்குறி, அவ்வளவுதான். இப்போது ஆசிரியர் ஓரத்தில் எழுதுகிறார்: "3/7 பாதியைவிடச் சிறியது. 2/3 பாதியைவிடப் பெரியது. கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது?" அடுத்த நாள் அந்த மாணவி இரண்டு செவ்வகங்கள் வரைந்து, ஒவ்வொன்றையும் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்து, 8-ம் 3-ம் சேர்த்து 11/12 என்று எழுதியிருக்கிறாள். தயங்கிய ஆசிரியர் இந்தப் பக்கத்தைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்.

மாணவரிடம் மாற்றத்தைப் பார்த்த பிறகே ஆசிரியரின் நம்பிக்கை மாறுகிறது என்று கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி 1986-இல் எழுதினார். அதனால் முதலில் மனதை மாற்றப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் சில வாரங்களில் வேகம் குறையும், வகுப்பில் சத்தம் கூடும். அது எதிர்பார்க்க வேண்டியதுதான், ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் ஆறு நோட்டிலும் காரணம் ஒரே வாக்கியமாக, ஒரே சொற்களில் இருந்தால் கவனியுங்கள்: கரும்பலகையில் எழுதிப்போட்டு நகல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது கண்டிப்பதைவிட, பருவத் தேர்வு வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். அதில் விடைக்கு மட்டுமே மதிப்பெண் இருந்தால் ஆசிரியர் செய்தது நியாயம்தான். மாற்ற வேண்டியது வினாத்தாள். ஐந்து மதிப்பெண் கணக்கில் இரண்டைக் காரணத்துக்கு ஒதுக்குங்கள். அதைச் செய்த பிறகு இரண்டாவது பாடத்துக்குப் போங்கள், இந்த முறை நான்கு ஆசிரியர்களோடு.