பட்டயமும் பட்டாவும் ஒன்றல்ல: எல்லைப்புற அலுவலகச் சொற்பட்டியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை பக்கம் அலுவலகத் தமிழ் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. 1956-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நம் மலைப்பகுதி கேரளத்தில் நின்றது. ஆக, சட்டமும் பதிவேடும் கேரளத்துடையவை, அறிவிப்பைப் படிக்கிறவர் தமிழர். ஒரே மலையாளச் சொல்லை ஊராட்சி ஒரு விதமாகவும், வில்லேஜ் ஆபீஸ் வேறு விதமாகவும், தாலுகா ஆபீஸ் மூன்றாவது விதமாகவும் தமிழில் எழுதும். இதைச் சீர்செய்யப் பொதுச் சொற்பட்டியல் போடப் பலர் உட்கார்கிறார்கள். பட்டியல் முடிந்த பிறகும் குழப்பம் தீராமல் இருப்பதற்குச் சில தவறுகள்தான் காரணம்.

முதலாவது, தமிழ்நாட்டு ஆட்சிச் சொல்லகராதியை அப்படியே எடுத்து ஒட்டுவது. தமிழ் வளர்ச்சித் துறையின் அந்த அகராதி நல்ல நூல். கடிதம், சுற்றறிக்கை, குறிப்பாணை, விடுப்பு போன்ற எழுத்துவேலைச் சொற்களுக்கு அதை விட்டு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. நிலம், வரி, உள்ளாட்சி என்று வந்தால் கதை வேறு. அங்கே சொல்லுக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாடு இரண்டு மாநிலங்களிலும் ஒன்றல்ல. கேரளத்தின் வில்லேஜ் ஆபீசரைக் 'கிராம நிர்வாக அலுவலர்' என்று எழுதிவிடுகிறோம். தேனி, கம்பம் பக்கம் உறவு வைத்திருக்கும் வாசகர் உடனே அங்குள்ள வி.ஏ.ஓ.வை நினைத்துக்கொள்வார். அந்த வி.ஏ.ஓ. பல விஷயங்களில் விசாரித்து அறிக்கை தருபவர், சான்றிதழ் மேலிடத்திலிருந்து வரும். இங்கே வில்லேஜ் ஆபீசர் தம் அலுவலகத்திலேயே நிலவரியும் வாங்குவார், பல சான்றிதழ்களிலும் தாமே கையெழுத்திடுவார். அதனால் 'வில்லேஜ் ஆபீசர்' என்று தமிழ் எழுத்தில் விடுவதே நேர்மை. தூய தமிழ் ஆர்வலர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

இரண்டாவதுதான் பெரிய தவறு: காதுக்கு ஒன்றாகக் கேட்பதைப் பொருளிலும் ஒன்று என்று எடுத்துக்கொள்வது. மலையாளத்து 'வ்யவசாயம்' தொழில்துறை, நம் 'விவசாயம்' வேளாண்மை. மலையாளத்து 'அவகாசம்' உரிமை, நமக்கு அது கொடுக்கப்படும் கால நேரம். மலையாளத்து 'ஆதாரம்' பதிவு செய்த பத்திரம், நமக்குச் சான்று. இப்படிப்பட்ட சொற்கள் ஒரே ஒரு அறிவிப்பில் எப்படிக் குழப்பும் என்பதற்கு நில விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம்.

மலையாள அறிவிப்பு இப்படிச் சொல்கிறது என்று வையுங்கள்: பட்டயம் கிடைத்தவர்கள் போக்குவரவு செய்து கரம் அடைக்க வேண்டும். அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் எழுதுவது: 'பட்டா பெற்றவர்கள் பட்டா மாறுதல் செய்து வரி செலுத்த வேண்டும்.' சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் தெரியும். தமிழ்நாட்டில் பட்டா என்பது நிலம் வைத்திருக்கிற யாருக்கும் வருவாய்ப் பதிவேட்டின்படி கிடைக்கும் தாள். விலைக்கு வாங்கினாலும் பட்டா, பாட்டன் சொத்தானாலும் பட்டா. இடுக்கியில் பட்டயம் என்பது அரசு நிலத்தை ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுத்த உரிமை ஆவணம். அதில் நிபந்தனைகளும் இருக்கும். போக்குவரவு என்பது வருவாய்ப் பதிவேட்டில் உடைமையாளர் பெயரைச் சேர்ப்பது அல்லது மாற்றுவது. இரண்டுக்கும் 'பட்டா' என்றே எழுதினால், 'பட்டயத்தையே வேறு பெயருக்கு மாற்றச் சொல்கிறார்கள்' என்று படிப்பவர் பதறுவார். 'பட்டயம்' என்றே விட்டாலும் தனியாக நிற்காது. நம் பிள்ளைகளுக்குப் பட்டயம் என்றால் பாலிடெக்னிக் படிப்பு.

இந்த இடத்தில் பட்டியல் எடுக்க வேண்டிய முடிவு: பட்டயத்துக்கு 'நில ஒப்படைப் பட்டயம்', போக்குவரவுக்கு 'வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றம் (போக்குவரவு)', கரத்துக்கு 'நிலவரி'. அடைப்புக்குறிக்குள் மலையாள வழக்கை விடுவதற்குக் காரணம் உண்டு. வில்லேஜ் ஆபீஸ் கவுண்டரில் போய் அவர் அந்தச் சொல்லைத்தான் சொல்லியாக வேண்டும். இதே முறையில் 'கைவசாவகாச சர்ட்டிபிகேட்' என்பதை 'உரிமைச் சான்று' என்று எழுதக் கூடாது. அது நிலம் கையிலிருப்பதைச் சொல்கிறதே தவிர, நிலம் உனக்குத்தான் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்வதில்லை. 'அனுபோகச் சான்று' பொருந்தும்.

எனவே பட்டியலில் இரண்டு பத்தி மட்டும் போட்டு, இடப்பக்கம் மலையாளம், வலப்பக்கம் தமிழ் என்று நிறுத்தாதீர்கள். அந்தத் தாள் எதைச் செய்கிறது என்று ஒரு வாக்கியம், யார் தருகிறார், விலக்க வேண்டிய சொல் எது, ஒரு மாதிரி வாக்கியம்: இந்த நான்கும் சேர்ந்தால்தான் அது பட்டியல். விலக்க வேண்டிய சொல்லைப் பலரும் எழுதுவதில்லை. அதை எழுதாவிட்டால் புதிதாக வரும் கிளார்க் பழைய கோப்பைப் பார்த்துப் பழைய சொல்லையே எழுதுவார்.

மூன்றாவது தவறு கணினியில் நடக்கிறது. சொல் முடிவானதும் எல்லாக் கோப்பையும் திறந்து 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை அழுத்துகிறார்கள். தமிழில் இது ஆபத்து. 'பட்டா' என்று தேடினால் 'நிராகரிக்கப்பட்டால்' என்பதற்குள்ளும் அந்த எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. அங்கேயும் 'ஒப்படைப் பட்டயம்' போய் உட்கார்ந்தால் வாக்கியமே சிதையும். இதற்கு நேர்மாறும் உண்டு: 'உத்தரவு' என்பதை 'ஆணை' ஆக்கும்போது 'உத்தரவின்படி', 'உத்தரவிடப்பட்டது' இரண்டும் சிக்காமல் தப்பிவிடும், ஏனென்றால் கடைசி எழுத்து மாறிவிட்டது. 'உத்தர' என்று மட்டும் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும். உத்தரப் பிரதேசமும் இடையில் வரும், கண்ணால் தள்ளிவிடலாம். 'வருவாய்த்துறை', 'வருவாய்த் துறை' என்று சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்கிலும் ஒன்றை முடிவு செய்து பட்டியலின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பட்டியலை அச்சுக்கு விடுமுன் தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒருவரிடம் அறிவிப்பைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'புரிந்ததா' என்று கேட்டால் மரியாதைக்காகப் புரிந்தது என்றே சொல்வார்கள். 'அண்ணாச்சி, இதுக்கு எந்த ஆபீசுக்குப் போவீங்க? என்ன தாள் எடுத்துட்டுப் போவீங்க?' என்று கேட்டால் சொல்லின் ஓட்டை வெளியே வந்துவிடும்.

கடைசியாக, தேதி. ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த நாளிலிருந்து செல்லும் என்று போடுங்கள். அந்த நாளுக்கு முந்தைய ஆவணங்களைத் தொடாதீர்கள். பழைய பத்திரத்தையோ உத்தரவையோ மேற்கோள் காட்டும்போது அதில் இருக்கும் சொல்லையே எடுத்தெழுதி, புதிய சொல்லை அடைப்புக்குறியில் தர வேண்டும். மேற்கோளுக்குள்ளேயே கைவைத்தால், மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மேலலுவலகம் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பும்.