சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு: விண்ணப்பக் கடிதத்தில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கள் செய்யும் தவறுகள்

வெளிநாட்டில் எட்டு, பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்களின் கடிதங்கள் சென்னையில் உள்ள எங்களைப் போன்ற கன்சல்டன்சிகளுக்கு அடிக்கடி வருகின்றன. எழுதுபவர்களில் பாதிப் பேர் கெட்டிக்காரர்கள்; அவர்களின் கடிதம்தான் காலை வாரிவிடுகிறது. படிக்கிற சீஃப் இன்ஜினியருக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம். இந்த ஆள் இங்கே நிலைத்து நிற்பாரா? அங்கே செய்த வேலை இங்கே எதற்கு ஆகும்? கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், தவறுகளைத் தமிழில் பேசிக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து வருபவரை வைத்துச் சொல்கிறேன், அங்கிருந்துதான் அதிகம் பேர் எழுதுகிறார்கள்.

முதலில் திரும்பி வரும் காரணம். சிலர் அதை அரைப் பக்கம் எழுதுகிறார்கள்: அப்பாவுக்கு பைபாஸ், பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை, தாய்மண்ணுக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று. அனுதாபம் வரும், கூடவே சந்தேகமும் வரும். அப்பா தேறிவிட்டால் மறுபடி கிளம்பிவிடுவாரோ? இன்னும் சிலர் காரணத்தைத் தொடுவதே இல்லை. அப்போது அங்கே வேலை போய்விட்டது போல என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டு வரி போதும்: “குடும்பத்தோடு நிரந்தரமாகச் சென்னைக்கு வருகிறேன். பெற்றோர் குரோம்பேட்டையில் இருக்கிறார்கள். மகளுக்கு ஜூனில் பள்ளி சேர்க்கை முடிந்துவிட்டது.” காரணத்தைவிட, ஏற்கெனவே செய்து முடித்த ஏற்பாடுதான் நம்பிக்கை தரும். பள்ளி சேர்க்கை என்று பார்த்தாலே பாதி சந்தேகம் போய்விடும்.

அடுத்ததுதான் பெரிய தவறு: அனுபவத்துக்குப் பதிலாக நாட்டின் பெயரை எழுதுவது. “ஒன்பது ஆண்டுகள் சிங்கப்பூரில் முன்னணி நிறுவனத்தில் பணியாற்றி, உலகத்தரமான அனுபவம் பெற்றுள்ளேன். அந்தத் தரத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.” இதில் எங்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டாவது வரி வேறு, முப்பது வருஷமாக இங்கே கட்டடம் போட்டவரிடம் போய் உங்களுக்குத் தரம் தெரியாது என்று சொல்வது போல இருக்கிறது.

சிங்கப்பூர் அனுபவத்தில் உண்மையிலேயே விலைபோகும் ஒன்று இருக்கிறது. அதை யாரும் எழுதுவதில்லை. 1986-ல் அங்கே ஹோட்டல் நியூ வேர்ல்டு என்ற கட்டடம் இடிந்து 33 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 1989-ல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், வடிவமைப்பைச் சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் சுயமாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது. அங்கீகரிக்கப்பட்ட செக்கர் என்பார்கள். அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் எழுத்தில் பதில் சொல்லி, தேவைப்பட்டால் கணக்கை மாற்றி, மறுபடி அனுப்பிப் பழகியவர் எங்களுக்கு வேண்டும். இங்கேயும் உயரமான கட்டடங்களுக்கு வெளியாள் ரிவ்யூ நடக்கிறது. அதில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் நிறைய. ஆகவே அந்தப் பத்தி இப்படி இருக்கட்டும்:

“16 மாடிக் குடியிருப்பு ஒன்றில், தரைத்தள கார் பார்க்கிங்குக்கு மேலே வரும் டிரான்ஸ்ஃபர் பீம்களின் வடிவமைப்பு முழுக்க என் பொறுப்பு. செக்கர், நீண்டகாலத் தொய்வைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். கட்டுமான வரிசைப்படி மாடலைப் பிரித்து மறுபடி கணக்கிட்டதில், இரண்டு பீம்களின் ஆழத்தைக் கூட்ட வேண்டியிருந்தது.”

நாட்டின் பெயரே வரவில்லை. ஆனால் ஆளைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது: எதைச் செய்தார், யார் குறுக்கே கேட்டார், என்ன மாறியது. “எங்கள் டீம் செய்தது” என்று எழுதினால் இதெல்லாம் போச்சு.

மூன்றாவது, கோட் இடைவெளியை மறைப்பது. சிங்கப்பூரில் யூரோகோட், இங்கே ஐஎஸ் கோட். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை மறைத்து “ஐஎஸ் கோடுகளில் முழுத் தேர்ச்சி” என்று எழுதுவார்கள். பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளவும் செய்வார்கள். அங்கே சி32/40 என்பது சிலிண்டரில் 32, கியூபில் 40. இங்கே ஐஎஸ் 456 கியூப் வலிமையைத்தான் எடுத்துக்கொள்கிறது. எனவே அந்த கான்கிரீட் இங்கே எம்40-க்குச் சமம். ஒருவர் தன் பட்டியலில் சி32/40-ஐ எம்32 என்று எழுதியிருந்தால், இங்கே அப்படி ஒரு கிரேடே வழக்கத்தில் இல்லை என்பதைவிட, சிலிண்டரும் கியூபும் குழம்பியிருப்பதுதான் கண்ணில் படும்.

அதைவிடப் பெரிய இடைவெளி நிலநடுக்கம். சிங்கப்பூரில் பல கட்டடங்களுக்கு அந்தக் கணக்கே வருவதில்லை. சென்னையை ஐஎஸ் 1893-ன் 2016 பதிப்பு மூன்றாம் மண்டலத்தில் வைத்தது; மூன்றாம் மண்டலம் என்றால் ஐஎஸ் 13920 சொல்லும் டக்டைல் டீட்டெயிலிங் வந்துவிடும். தூணின் முகத்திலிருந்து, ஏறத்தாழ பீமின் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு ஸ்டிரப்புகள் நெருங்கி நிற்க வேண்டும், 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது, கொக்கி 135 டிகிரி வளைய வேண்டும். இதை வரைந்து பழகாதவருக்கு முதல் ஆறு மாதம் டிராயிங் எல்லாம் சிவப்பு மையோடுதான் திரும்பும். காற்றும் அப்படித்தான். அங்கே புயல் கிடையாது. சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர்.

இந்த இடைவெளி இருப்பது குற்றமில்லை. கடிதத்தில் நேராகச் சொல்லி, அதற்கு என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்: “ஐஎஸ் 13920-ன் 2016 பதிப்பில் நான் ப்ராஜெக்ட் செய்ததில்லை. பழகிக்கொள்ள, பத்து மாடிச் சட்டகம் ஒன்றைச் சென்னையில் இருப்பதாக வைத்து, ஐஎஸ் 1893, ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி இரண்டின்படியும் ஈடாப்ஸில் போட்டு, ஒரு பீம்–தூண் இணைப்பைக் கையால் டீட்டெயில் செய்தேன்.” இது ஒரு வாரயிறுதி வேலை. இப்படி எழுதியவரை நான் நிச்சயம் நேர்காணலுக்குக் கூப்பிடுவேன். என்ன, நேர்காணலில் அந்த இணைப்பைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும், செய்யாமல் எழுதிவிடாதீர்கள்.

கடிதத்தோடு பழைய கம்பெனியின் டிராயிங்குகளை பிடிஎஃப் ஆக இணைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. திறமையைக் காட்டத்தான் அனுப்புகிறார்கள், புரிகிறது. ஆனால் நாளைக்கு எங்கள் டிராயிங்கும் இப்படித்தானே வெளியே போகும் என்று தோன்றுமா, தோன்றாதா? நீங்களே போட்ட அந்தப் பயிற்சி மாடலின் இரண்டு பக்கத்தை இணைத்தால் போதும்.

சம்பளத்தை டாலரிலிருந்து ரூபாய்க்கு மாற்றிக் கடிதத்திலேயே போடுவது வேண்டாம், கேட்கும்போது சொல்லலாம். தேதியை மட்டும் தெளிவாகப் போடுங்கள். “உடனே சேரத் தயார்” என்று எழுதிவிட்டு, நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம் என்று ஃபோனில் சொல்பவர்கள் அதிகம். சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வேலையை விடும்போது, குறைந்தது ஒரு மாதம் முன்பே கம்பெனி வரித்துறைக்குத் தெரிவித்து, வரிக் கணக்கு தீரும்வரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும். இதையும் வீடு காலி செய்வதையும் கணக்கில் சேர்த்து, எந்தத் திங்கட்கிழமை ஆபீசுக்கு வர முடியுமோ அந்தத் தேதியை எழுதுங்கள். கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை. சொன்ன தேதி இரண்டு முறை மாறினால்தான் எங்களுக்கு எரிச்சல் வரும்.