கவுண்ட்டர் ஒன்-ஷாட்: பல்ஸ் நீள்வதும் இரட்டிப்பதும் ஏன்?

பொத்தானை ஒருமுறை அழுத்தினால் தண்ணீர் வால்வு சரியாக ஒரு விநாடி திறந்து மூட வேண்டும். இப்படி ஒரு தூண்டலுக்கு, அதாவது ட்ரிகருக்கு, குறித்த நீளத்தில் ஒரு பல்ஸ் தரும் சுற்றுதான் ஒன்-ஷாட். 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் அதற்கு 5 கோடி துடிப்புகளை எண்ண வேண்டும்.

```verilog
reg [25:0] cnt = 0;
always @(posedge clk)
  if (start && (RETRIG || cnt == 0))
    cnt <= 50_000_000;
  else if (cnt != 0)
    cnt <= cnt - 1;
assign out = (cnt != 0);
```

இரு வகை ஒன்-ஷாட்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் `cnt == 0` என்ற நிபந்தனையில்தான் இருக்கிறது. `RETRIG` 0 என்றால், எண்ணிக்கை முடியும் வரை வரும் புதிய ட்ரிகர்கள் புறக்கணிக்கப்படும். அது 1 என்றால், ஒவ்வொரு ட்ரிகரும் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கிவைக்கும். பழைய சில்லுகளில் 74121 முதல் வகை, 74123 இரண்டாம் வகை.

இந்த நிபந்தனையை யோசிக்காமல் விட்டுவிடுவதே நான் அடிக்கடி காணும் தவறு. விட்டால் கிடைப்பது ரீட்ரிகர் ஆகும் வகை. அரை விநாடியில் யாராவது மறுபடி அழுத்தினால் வால்வு ஒன்றரை விநாடி திறந்திருக்கும், அளவு கெட்டுவிடும். இங்கே ரீட்ரிகர் ஆகாத வகையே வேண்டும். ஆள் நடமாடும் வரை அணையக் கூடாத மாடிப்படி விளக்குக்கோ நேர்மாறானது வேண்டும்.

அடுத்த தவறு, பொத்தானின் நிலையை அப்படியே `start`இல் கொடுப்பது. விரலை எடுக்காமல் மூன்று விநாடி அழுத்தினால் ரீட்ரிகர் ஆகும் வகையில் `cnt` குறையவே குறையாது. வெளியீடு ஏறக்குறைய நான்கு விநாடி நீளும். மற்ற வகையில் எண்ணிக்கை 0 ஆன மறு துடிப்பிலேயே மீண்டும் நிரம்பிவிடும். கண்ணுக்கு வால்வு விடாமல் திறந்திருப்பதுபோல் தெரியும். ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் விநாடிக்கு ஒருமுறை 20 நானோவிநாடி அகலத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதைக் கண்டால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். பொத்தானின் சிக்னலை இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் வழியாகக் கிளாக்கோடு ஒத்திசைத்து, 0-விலிருந்து 1-க்கு மாறும் அந்த ஒரு துடிப்பை மட்டும் `start` ஆக்குங்கள்.

அதற்குப் பிறகும் ஒரு பொறி உண்டு. ரீட்ரிகர் ஆகாததால் பொத்தானின் அதிர்வு தானாக மறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அழுத்தும்போது எழும் அதிர்வு மறைவது உண்மைதான். ஆனால் ஒன்றரை விநாடி அழுத்திவிட்டு விரலை எடுத்தால், அப்போது முந்தைய பல்ஸ் முடிந்துபோயிருக்கும். பொத்தான் விடுபடும்போது உண்டாகும் அதிர்விலும் 0-விலிருந்து 1-க்கான மாற்றங்கள் இருக்கும். வால்வு இன்னொரு முறை திறக்கும். சட்டென்று தட்டிச் சோதிப்பவருக்கு இது ஒருநாளும் அகப்படாது. ஆகவே பொத்தானின் நிலை சுமார் 10 மில்லிவிநாடி மாறாமல் நின்ற பிறகே அதை ஏற்கும் வடிகட்டியை முன்னால் வையுங்கள்; சோதிக்கும்போது பொத்தானை நீண்ட நேரம் அழுத்தியும் பாருங்கள்.

பல்ஸ் ஒரு விநாடிக்குப் பதிலாக 0.33 விநாடியில் முடிந்தால், கவுண்ட்டரை 25 பிட்டில் அறிவித்திருப்பீர்கள். 25 பிட்டில் 3,35,54,431 வரைதான் அடங்கும். மேல் பிட் வெட்டுப்பட்டு 1,64,45,568 மட்டும் மிஞ்சும். 26 பிட் வேண்டும்.