பதிவான வகுப்பிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்தல்: தொடக்கத்தில் படம் காணாமல் போவது ஏன்?

காரைக்குடியில் இருக்கும் என் ஆச்சி (உடன்பிறந்த அக்காவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) சனிக்கிழமைதோறும் இணையவழியில் பனையோலைக் கொட்டான் பின்னக் கற்றுத் தருகிறார். வெளிச்சம் நன்றாக விழும் என்பதால் வளவில், ஒரு தூணை ஒட்டித் தரையில் அமர்ந்துகொள்வார்; முன்னால் மடிக்கணினி இருக்கும். வகுப்பு ஒன்றே கால் மணி நேரம் ஓடும். அதில் பலருக்கும் பிடிபடாத இடம் ஒன்றே ஒன்றுதான்: தட்டையாகப் பின்னிய அடிப்பகுதியின் மூலையை மடக்கி, ஓலைகளைப் பக்கச்சுவராக எழுப்பும் இடம். "தம்பி, அந்த மூலை மடக்குறத மட்டும் வெட்டிக் குடு, வாட்ஸப்புல அனுப்பிடுறேன்" என்று ஆச்சி கேட்டார். ஐந்து நிமிட வேலை என்று எண்ணி உட்கார்ந்தேன். ஒரு மாலைப் பொழுது முழுவதும் போயிற்று. போனதற்கான காரணத்தையும், இப்போது நான் பின்பற்றும் முறையையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பயன்படுத்துவது `ffmpeg`. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டுமே என்று தயங்குகிறவர்கள் `LosslessCut` என்னும் இலவசச் செயலியை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் உள்ளுக்குள் `ffmpeg`ஐக் கொண்டே இயங்குவதால், கீழே சொல்லப்போகும் சிக்கல் அதிலும் உண்டு. இணையதளத்தில் கோப்பை ஏற்றி வெட்டித் தரும் சேவைகளை நான் நாடுவதில்லை. மூன்றரை நிமிடத் துண்டுக்காக ஒன்றே கால் மணி நேரப் பதிவை முழுவதுமாக ஏற்றுவது வீண். அதில் மாணவர்களின் முகங்களும் இருக்கின்றன.

விண்டோஸில் `winget install Gyan.FFmpeg` என்றும், உபுண்டுவில் `sudo apt install ffmpeg` என்றும் கொடுத்தால் நிறுவிக்கொள்ளும். பதிவு இருக்கும் கோப்புறையைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டியில் `cmd` என்று தட்டி என்டர் அழுத்தினால், கட்டளைச் சாளரம் அந்தக் கோப்புறையிலேயே திறக்கும். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் தொல்லை என்பதால், முதலில் அதை `vaguppu.mp4` என்பது போல மாற்றிவிடுங்கள்.

அடுத்து, தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இழுப்பானை நகர்த்தி உத்தேசமாகப் பார்க்காமல், வி.எல்.சி.யில் அந்த இடத்திற்கு அருகே நிறுத்தி, `E` விசையை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு சட்டமாக முன்னே செல்லுங்கள். ஆச்சி மூலையில் விரலை வைக்கும் இடம் 23:40. மடக்கி முடித்து நிமிரும் இடம் 27:15. ஆக, துண்டின் நீளம் 3 நிமிடம் 35 விநாடி.

நான் முதலில் கொடுத்த கட்டளை இது:

```
ffmpeg -i vaguppu.mp4 -ss 00:23:40 -t 00:03:35 -c copy moolai.mp4
```

`-ss` தொடங்கும் இடம், `-t` நீளம், `-c copy` என்றால் படத்தையும் ஒலியையும் மறுபடி உருவாக்காமல் அப்படியே படியெடுத்துக்கொள் என்று பொருள். சில விநாடிகளில் வேலை முடிந்துவிட்டது. திறந்து பார்த்தால், முதல் மூன்று விநாடிகளுக்கு மேல் திரை இருண்டிருந்தது. ஆச்சியின் குரல் மட்டும் "இப்ப இந்த ஓலைய இப்படி எடுத்து" என்று கேட்டது. படம் வந்தபோது ஓலை ஏற்கெனவே மடிந்திருந்தது. எந்த அசைவைக் காட்டுவதற்காக வெட்டினேனோ, அதுவே இல்லை.

யாரோ ஒரு மன்றத்தில் `-ss`ஐ `-i`க்கு முன்னால் போடச் சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தேன். என் கணினியில் சரியான இடத்தில் தொடங்கியது. ஆச்சியின் கைப்பேசியிலோ ஏறத்தாழ ஏழு விநாடி முன்னதாக, அவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்கும் இடத்திலிருந்து தொடங்கியது. ஒரே கோப்பு, இரண்டு கருவியில் இரண்டு விதமாக ஓடியதுதான் என்னை மிகவும் குழப்பியது.

காரணம் விழியக் கோப்பு எழுதப்படும் விதத்தில் இருக்கிறது. விநாடிக்கு 25 படங்கள் ஓடினாலும், அத்தனையும் முழுப் படங்களாகச் சேமிக்கப்படுவதில்லை. வளவின் தூணும் தரையும் அசைவதில்லை, ஆச்சியின் கைகள் மட்டுமே அசைகின்றன. எனவே எப்போதாவது ஒரு முறை முழுப் படம் ஒன்றை எழுதிவிட்டு, அதன் பின் வரும் சட்டங்களில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதினால் கோப்பின் அளவு வெகுவாகக் குறையும். அந்த முழுப் படத்திற்குக் கீஃபிரேம் என்று பெயர். பரவலாகப் புழங்கும் x264 என்னும் குறியாக்கியில், வேறு எதுவும் சொல்லாவிட்டால் இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே 250 சட்டங்கள் வரை போகலாம். விநாடிக்கு 25 சட்டம் என்றால் அது 10 விநாடி. காட்சி சட்டென்று மாறினால் இடையிலேயே புதிய கீஃபிரேம் விழும். ஒருவர் ஒரே இடத்தில் அமர்ந்து பேசும் வகுப்பில் காட்சி மாறுவதே அபூர்வம்.

நம் பதிவில் அவை எங்கே விழுந்திருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். `ffmpeg`உடன் சேர்ந்தே வரும் `ffprobe`ஐக் கொண்டு, 23:20 முதல் 24:00 வரை உள்ள கீஃபிரேம்களைக் கேட்டேன்:

```
ffprobe -v error -select_streams v:0 -skip_frame nokey -show_entries frame=pts_time -of csv=p=0 -read_intervals 23:20%24:00 vaguppu.mp4
```

வந்த விடை, விநாடிக் கணக்கில்:

```
1393.200000
1403.200000
1413.200000
1423.200000
1433.200000
```

நான் கேட்ட 23:40 என்பது 1420ஆவது விநாடி. அது 1413.2க்கும் 1423.2க்கும் நடுவே, முழுப் படம் இல்லாத இடத்தில் விழுகிறது. `-c copy` எதையும் புதிதாக உருவாக்காது. ஆகவே 1420ஆவது விநாடியில் இல்லாத முழுப் படத்தை அதனால் கொண்டுவர முடியாது. `-ss` பின்னால் இருந்தபோது, ஒலியை 1420இலிருந்து எடுத்துக்கொண்டு, படத்திற்கு அடுத்த கீஃபிரேம் வரும் வரை, அதாவது 3.2 விநாடி, காத்திருந்தது. `-ss` முன்னால் இருந்தபோது, முந்தைய கீஃபிரேமுக்கு, அதாவது 6.8 விநாடி பின்னால், போய் அங்கிருந்து படியெடுத்தது. கூடவே "இந்த இடத்திலிருந்து காட்டினால் போதும்" என்ற குறிப்பையும் எம்பி4 கோப்புக்குள் எழுதியது. என் கணினியின் செயலி அக்குறிப்பை மதித்தது. கைப்பேசியில் இருந்தது மதிக்கவில்லை.

எனவே துல்லியமான தொடக்கம் வேண்டுமென்றால், அந்தத் துண்டின் படத்தை மறுபடி குறியாக்கம் செய்யத்தான் வேண்டும்:

```
ffmpeg -ss 00:23:40 -i vaguppu.mp4 -t 00:03:35 -c:v libx264 -crf 20 -c:a aac moolai.mp4
```

இப்போது `ffmpeg` 1413.2இலிருந்து படங்களை விரித்துப் பார்த்து, 1420 வரை உள்ளவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, 1420ஆவது விநாடியின் படத்தையே புதிய கீஃபிரேமாக எழுதும். `-ss` முன்னால் இருப்பதால் முதல் 23 நிமிடங்களை வீணாக விரிக்காமல் நேரே தாவிவிடும். `-crf` தரத்தைக் குறிக்கும் எண்; குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். சொல்லாவிட்டால் 23 என்று எடுத்துக்கொள்ளும். ஓலையின் மெல்லிய விளிம்புகள் குழைந்துவிடக் கூடாது என்பதற்காக நான் 20 வைக்கிறேன். என் பழைய மடிக்கணினியில் இதற்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. அனுப்பும்போது வாட்ஸப்பில் விழியமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லையெனில் அது மறுபடி சுருக்கி, விளிம்புகளைக் குழைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மறு குறியாக்கம் தேவை என்று சொல்ல மாட்டேன். ஸ்லைடைக் காட்டிப் பாடம் நடத்தும் ஒரு மணி நேரப் பதிவிலிருந்து அரை மணி நேரத்தை எடுப்பதானால், ஏழு விநாடி முன்னதாகத் தொடங்குவதால் யாருக்கும் நட்டமில்லை. அப்போது `ffprobe` காட்டிய கீஃபிரேம் ஒன்றையே தொடக்கமாக வைத்து, `-ss`ஐ `-i`க்கு முன்னால் போட்டு `-c copy` கொடுங்கள். தரம் இம்மியும் குறையாது, நேரமும் மிச்சம். ஆனால் 1413.2 என்று சரியாகக் கொடுத்தால், தசமப் புள்ளிக்குப் பின் வரும் சின்ன வேறுபாட்டால் சில சமயம் அதற்கும் முந்தைய கீஃபிரேமுக்குப் போய்விடுகிறது. 1413.3 என்று ஒரு பத்தில் ஒரு விநாடி கூட்டிக் கொடுப்பது என் வழக்கம். துண்டின் முடிவைப் பற்றிக் கவலை வேண்டாம். முழுப் படம் தேவைப்படுவது தொடக்கத்துக்குத்தான்.

பின்சேர்க்கை 1: மூன்றரை நிமிடம் கேட்டதற்கு இருபத்தேழு நிமிடக் கோப்பு வந்ததாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் `-t`க்குப் பதிலாக, முடியும் நேரத்தைச் சொல்லும் `-to 00:27:15`ஐ `-i`க்குப் பின்னால் போட்டிருந்தார். `-ss` முன்னால் இருக்கும்போது, தாவிய இடத்திலிருந்து கடிகாரம் சுழியத்தில் தொடங்குகிறது. ஆகவே 27:15 என்பது அங்கிருந்து 27 நிமிடம் 15 விநாடி என்றாகி, மூலப் பதிவில் 50:55 வரை போய்விடும். `-to`வையும் `-i`க்கு முன்னால் வைத்தால் சரியாக நிற்கும். கழித்துப் பார்த்து `-t` கொடுப்பதே எனக்குப் பிடித்த வழி. எங்கே வைத்தாலும் அதன் பொருள் மாறாது.

பின்சேர்க்கை 2: வலப்பக்கம் தெரியும் மாணவர்களின் முகங்களையும் பெயர்களையும் எப்படி நீக்குவது என்று இருவர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி, ஆச்சியும் அதைத்தான் அடுத்துக் கேட்டார். எங்கள் பதிவு 1280க்கு 720. வலப்பக்கத்தில் 320 அகலம் முகங்களுக்குப் போகிறது. எனவே இடப்பக்கத்து 960ஐ மட்டும் வைத்துக்கொள்ள, மேலே உள்ள கட்டளையில் `-c:v`க்கு முன்னால் இதைச் சேர்க்க வேண்டும்:

```
-vf "crop=960:720:0:0"
```

அகலம், உயரம், இடமிருந்து தூரம், மேலிருந்து தூரம் என்பது வரிசை. இது படத்தையே மாற்றும் வேலை என்பதால் `-c copy`உடன் சேர்ந்து இயங்காது. வெட்டுவதற்கு முன் சரிபார்க்க, `ffplay -ss 00:23:40 -vf "crop=960:720:0:0" vaguppu.mp4` என்று கொடுத்தால், கோப்பு எதையும் எழுதாமல் ஓட்டிக் காட்டும். நீங்கள் கொடுத்த அகலம் ஒற்றைப்படை எண்ணாக இருந்தால், `crop` தானாகவே ஒன்றைக் குறைத்து இரட்டைப்படை எண்ணாக்கிக்கொள்ளும். நான் 955 என்று கொடுத்தேன்; ஆச்சிக்குப் போய்ச் சேர்ந்த துண்டின் அகலம் 954.