வேலைப் பட்டியலில் இருந்து நெட்வொர்க் வரைபடம்: வேலை கட்டத்திலா, அம்பிலா?

ஒரு திட்டத்தின் வேலைகள் எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று காட்டும் நெட்வொர்க் வரைபடத்தில் இரண்டு வகை உண்டு. ஆக்டிவிட்டி ஆன் நோட், சுருக்கமாக ஏஓஎன், வேலையைக் கட்டத்துக்குள் எழுதும். அம்பு "இது முடிந்தால்தான் அது" என்பதை மட்டும் சொல்லும். ஆக்டிவிட்டி ஆன் ஆரோ, அதாவது ஏஓஏ, இதைத் தலைகீழாகச் செய்யும்: அம்புதான் வேலை, வட்டம் என்பது உள்ளே வரும் வேலைகள் எல்லாம் முடிந்துவிட்ட அந்தக் கணம். வட்டத்துக்கு நாள் கணக்கு கிடையாது.

பாதிப் பேர் இரண்டையும் ஒரே வரைபடத்தின் இரண்டு வேஷம் என்று நினைத்து ஒன்றின் விதியை மற்றதில் போட்டுவிடுகிறார்கள். அதனால் ஒரே பட்டியலை இரண்டு விதமாகவும் வரைவோம். ஒரு அறையில் கணினிகள் அமைக்க வேண்டும், வேலைகள் இவை:

| வேலை | நாள் | எதற்குப் பிறகு |
|---|---|---|
| வயரிங் | 3 | இல்லை |
| கொள்முதல் | 5 | இல்லை |
| விளக்கு மாட்டுதல் | 2 | வயரிங் |
| கணினி பொருத்தல் | 4 | வயரிங், கொள்முதல் |
| மென்பொருள் ஏற்றுதல் | 2 | பொருத்தல் |
| லேபிள் ஒட்டுதல் | 1 | பொருத்தல் |
| சோதனை | 1 | விளக்கு, மென்பொருள், லேபிள் |

முதலில் ஏஓஎன்

இது சுலபம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம், பட்டியலின் மூன்றாவது பத்தியில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அம்பு, அவ்வளவுதான். முன்வேலை இல்லாதவை இரண்டு இருப்பதால் இடது ஓரத்தில் "தொடக்கம்" என்று 0 நாள் கட்டம் ஒன்று போட்டு அதிலிருந்து இரண்டுக்கும் அம்பு விடுங்கள். கடைசியில் சோதனை ஒன்றுதான் முடிகிறது, அதனால் "முடிவு" கட்டம் தேவையில்லை.

நான் இதை, எழுதிய வரிகளைப் படமாக்கும் கிராஃப்விஸ் என்ற மென்பொருளில்தான் போடுவேன். கட்டங்களை எலியால் இழுத்து இழுத்து நேராக்கும் கருவிகள் எனக்குப் பிடிக்காது, ஒரு வேலையை நடுவில் சேர்த்தால் மறுபடி எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும்.

```
digraph {
  rankdir=LR; node [shape=box]
  "தொடக்கம்" -> "வயரிங்"
  "தொடக்கம்" -> "கொள்முதல்"
  "வயரிங்" -> "விளக்கு"
  "வயரிங்" -> "பொருத்தல்"
  "கொள்முதல்" -> "பொருத்தல்"
  "பொருத்தல்" -> "மென்பொருள்"
  "பொருத்தல்" -> "லேபிள்"
  "விளக்கு" -> "சோதனை"
  "மென்பொருள்" -> "சோதனை"
  "லேபிள்" -> "சோதனை"
}
```

இதை `net.dot` என்று சேமித்து `dot -Tpng net.dot -o net.png` கொடுத்தால் படம் வந்துவிடும். தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் சதுரங்கள் வந்தால், கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரை `node` வரியில் `fontname` ஆகக் கொடுங்கள்.

அடுத்து ஏஓஏ, அதாவது டம்மி

இங்கே பென்சிலும் அழிப்பானும்தான் சரி. வட்டம் 1 தொடக்கம். அதிலிருந்து வயரிங், கொள்முதல் என்று இரண்டு அம்புகள் கிளம்புகின்றன. அவை எங்கே போய் முடிய வேண்டும் என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். பொருத்தலுக்கு இரண்டும் வேண்டும், ஆகவே இரண்டையும் ஒரே வட்டத்தில் சேர்த்துவிடலாம் என்று கை தானாகப் போகும். சேர்த்துவிட்டால் விளக்கை எங்கிருந்து கிளப்புவது? வயரிங் முடியும் வட்டத்தில் இருந்து. ஆனால் அந்த வட்டத்தில் இப்போது கொள்முதலும் முடிகிறது, அதாவது கணினி வந்து சேராமல் விளக்கு மாட்டக் கூடாது என்று படம் சொல்கிறது. பட்டியலில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை!

சரி, பிரித்துவிடுவோம். வயரிங் வட்டம் 2இல் முடியட்டும், கொள்முதல் 3இல். விளக்கு 2இல் இருந்து, பொருத்தல் 3இல் இருந்து. இப்போது பொருத்தலுக்கு வயரிங்கும் வேண்டும் என்பது விட்டுப்போனது, அதற்குத்தான் 2இல் இருந்து 3க்கு ஒரு புள்ளிக்கோட்டு அம்பு. இதுவே டம்மி: 0 நாள், ஆளும் வேண்டாம், பணமும் வேண்டாம், நிபந்தனையை மட்டும் கடத்தும். திசை முக்கியம். அதையே 3இல் இருந்து 2க்குப் போட்டால் விளக்கு மறுபடி கொள்முதலுக்காகக் காத்திருக்கும், பொருத்தலோ வயரிங் இல்லாமலே தொடங்கிவிடும்.

இரண்டாவது டம்மிக்குக் காரணம் வேறு. மென்பொருள், லேபிள் இரண்டும் பொருத்தலுக்குப் பிறகு தொடங்கி சோதனைக்கு முன் முடிகின்றன. இரண்டையும் 4இல் இருந்து 6க்கே வரைந்தால் தர்க்கம் கெடாது, ஆனால் ஏஓஏவில் வேலையை அதன் இரண்டு வட்ட எண்களால்தான் அடையாளம் சொல்வது வழக்கம், 4-6 என்றால் எது என்ற குழப்பம் வரும். அதனால் லேபிளை 5இல் முடித்து, 5இல் இருந்து 6க்கு டம்மி.

```
1-2 வயரிங்
1-3 கொள்முதல்
2-3 டம்மி
2-6 விளக்கு
3-4 பொருத்தல்
4-5 லேபிள்
4-6 மென்பொருள்
5-6 டம்மி
6-7 சோதனை
```

எண்களைக் கடைசியில் போடுங்கள், அம்பின் வால் எண் எப்போதும் தலை எண்ணைவிடச் சிறியதாக இருக்கும்படி.

மொத்த நாளை நம்பாதீர்கள்

நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் கொள்முதல் 5, பொருத்தல் 4, மென்பொருள் 2, சோதனை 1, ஆக 12 நாள். நீளமான பாதை இதுதான். இப்போது முதல் டம்மியே இல்லாமல் வயரிங், கொள்முதல் இரண்டையும் ஒரே வட்டத்தில் சேர்த்த அந்தத் தவறான படத்தைக் கூட்டிப் பாருங்கள். அதுவும் 12தான்! மொத்தம் பொருந்துகிறதே என்று விட்டுவிட்டால் தவறு அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். மாறுவது விளக்கு மட்டும்: சரியான படத்தில் 3ஆம் நாள் முடிவில் தொடங்கலாம், மொத்த நாள் கூடாமல் தள்ளிப்போட 6 நாள் அவகாசம், அதாவது ஃப்ளோட், கையில் இருக்கும்; தவறான படத்தில் 5 நாள் கழித்துத்தான் தொடக்கம், ஃப்ளோட் 4. கணினி வருவது தள்ளிப்போனால், வேலை தயாராக இருந்தும் எலக்ட்ரீஷியன் சும்மா உட்கார்ந்திருப்பார்.

அதனால் சரிபார்க்கும் வழி வேறு. பட்டியலை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு அம்பின் வால் வட்டத்தையும் எடுத்து அதற்குள் வரும் வேலைகளை எழுதுங்கள். டம்மி வந்தால் அதன் வழியே ஒரு வட்டம் பின்னால் போய் அங்கே வருபவற்றையும் எழுதுங்கள். பொருத்தலுக்கு 3இல் கொள்முதல், டம்மி வழியே 2இல் வயரிங். இப்படிப் படத்தில் இருந்தே மூன்றாவது பத்தியைத் திரும்ப எழுதி, பிறகு பட்டியலோடு ஒப்பிடுங்கள். கூடுதலாகவோ குறைவாகவோ ஒரு பெயர் இருந்தால் தவறு அந்த வட்டத்தில்தான்.

பின்சேர்க்கை: டம்மி வேண்டுமா என்று வரையும் முன்பே தெரியுமா என்று கமெண்டில் கேட்டிருந்தார்கள். தெரியும். இரண்டு வேலைகளின் முன்வேலைகளை ஒப்பிடுங்கள். முழுக்க ஒன்று என்றாலும், பொதுவாக எதுவுமே இல்லை என்றாலும் நிபந்தனையைக் கடத்தும் டம்மி வேண்டாம். கொஞ்சம் மட்டும் பொது என்றால் வேண்டும். ஒன்றின் பட்டியல் மற்றதற்குள் அடங்கினால் சிறியதில் இருந்து பெரியதற்கு ஒரு டம்மி, நம் விளக்கு-பொருத்தல் ஜோடி மாதிரி. இரண்டிலும் பொதுவல்லாத பெயர் இருந்தால், பொதுவான வேலையைத் தனி வட்டத்தில் முடித்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு டம்மி.

இன்னொன்று: பொருத்தல் தொடங்கி 2 நாளில் மென்பொருளைத் தொடங்கலாம் என்றால் எப்படி வரைவது? ஏஓஎன்னில் அந்த அம்பின் மேல் "தொடக்கத்தில் இருந்து தொடக்கம், 2 நாள் தாமதம்" என்று எழுதினால் போதும். ஏஓஏவுக்கு முடிந்தால்தான் தொடக்கம் என்ற ஒரே உறவுதான் தெரியும், பொருத்தலை இரண்டிரண்டு நாளாக உடைத்து இரண்டு அம்புகளாக்கி, முதல் துண்டின் முடிவில் இருந்து மென்பொருளைக் கிளப்ப வேண்டும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட்லிப்ரே என்ற திட்டமிடல் மென்பொருள்கள் இரண்டும் ஏஓஎன் வழியில்தான் படம் காட்டுகின்றன, நானும் வேலைக்கு அதைத்தான் வரைவேன். தேர்வில் ஏஓஏ கேட்டால் மட்டும் டம்மி.