துருப் புகாரும் தோசைக்கல்லும்

இணையத்தில் நான் விற்கும் பழக்கிய வார்ப்பிரும்புத் தோசைக்கல்லுக்கு, "துருப்பிடித்த பழைய கல்லை அனுப்பிவிட்டார்கள்" என்று ஒற்றை நட்சத்திர விமர்சனம் வந்தது. பொதுவெளியில் வாதாடாமல், வருத்தத்தையும் மாற்றித் தரும் உறுதியையும் இரண்டு வரிகளில் எழுதிவிட்டு, கல்லைத் துணியால் துடைத்துப் படம் அனுப்பும்படி அந்த வாடிக்கையாளரிடம் தனிச்செய்தியில் கேட்டேன். வெள்ளைத் துணியால் துடைக்கும்போது கருமை ஒட்டினால் அது பெரும்பாலும் எண்ணெய்ப் படிவு. செம்பழுப்புத் தூள் ஒட்டினால்தான் துரு. அவர் துணியில் ஒட்டியது செம்பழுப்புதான். விசாரித்ததில், கல்லைக் கழுவி ஈரத்துடன் இரவு முழுவதும் கவிழ்த்து வைத்திருந்தது தெரிந்தது. ஆயினும் அவரைக் குறை கூறுவதில் பொருளில்லை. கழுவியவுடன் அடுப்பில் காயவைத்து மெல்லிய எண்ணெய் பூச வேண்டும் என்பதை விற்பனைப் பக்கம் எங்குமே சொல்லவில்லை.

தேய்த்து, எண்ணெய் பூசிச் சூடாக்கிச் சரிசெய்யும் முறையை விளக்கியபின், அவர் மாற்றுக் கல் கேட்கவில்லை. விமர்சனத்தை நீக்கும்படி நானும் கேட்கவில்லை (அதற்குப் பணம் தருவதாகச் சொல்வது பல தளங்களில் விதிமீறல்). துணிச் சோதனையின் படத்தை விற்பனைப் பக்கத்தில் இரண்டாவது படமாகச் சேர்த்து, பராமரிப்புக் குறிப்பை அச்சிட்டுப் பெட்டிக்குள் கல்லின் மேலேயே வைக்கிறேன். இப்போதும் துருப் புகார் வருகிறது, ஆனால் மழைக்காலத்தில் மட்டும். ஆகவே அம்மாதங்களில் கல்லை எண்ணெய்த்தாளில் சுற்றியே அனுப்புகிறேன்.